கோட்டையடிச் சிரமதான அறிவித்தலைத் திருத்தி எழுதிய கதை

திருகோணமலையில் உள்ள எங்கள் கழகச் செயலாளர் அண்ணா 2025 செப்டம்பரில் எழுதி, வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துத் தரச் சொல்லி அனுப்பிய அறிவித்தல் இது:

"அன்புடையீர், எமது கழகத்தின் ஏற்பாட்டில் சுற்றாடலைப் பேணிப் பாதுகாக்கும் உயரிய நோக்குடன் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை காலை வேளையில் கோட்டையடிக் கடற்கரையில் மாபெரும் சிரமதானப் பணி ஒன்று இடம்பெறவுள்ளது. கௌரவ அதிதிகள், ஊர்ப் பெரியோர்கள், இளைஞர் யுவதிகள் அனைவரும் பொருத்தமான உபகரணங்களுடன் தவறாது சமூகமளித்து இப்பணியைச் சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கின்றோம்."

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி வாசிக்க நன்றாகவும் இருக்கிறது. ஆனால் இதை வாசித்துவிட்டு சனிக்கிழமை இரவே சைக்கிளுக்குக் காற்றடித்து வைக்கிற ஒருவர், காலையில் எத்தனை மணிக்கு, எங்கே, கையில் எதைக் கொண்டு போவது? மூன்றில் ஒன்றுக்கும் இதில் பதில் இல்லை. வர நினைக்கிறவர்கள் போன் எடுத்துக் கேட்பார்கள். எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் வராமலே விடுவார்கள்.

நான் அதைத் திருத்தத் தொடங்கியது பேனாவால் அல்ல. செயலாளரிடம், "அண்ணா, முந்தின சிரமதானத்துக்கு ஆட்கள் உங்களுக்குப் போன் பண்ணி என்னென்ன கேட்டார்கள்? நினைவிருக்கிறதைச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். அவர் சலித்துக்கொண்டேதான் சொன்னார். எந்தப் பக்கக் கடற்கரை? மண்வெட்டி வேணுமா? எத்தனை மணிக்கு முடியும், பிள்ளைக்கு டியூஷன் இருக்கு. மழை வந்தால்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா? குப்பையை எங்கே கொட்டுறது? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். புதிய அறிவித்தலுக்கு இதைவிடச் சிறந்த வரைவு கிடைக்காது. ஒவ்வொரு கேள்வியும் அறிவித்தலில் விடுபட்ட ஒரு வரி.

முதலில் எதற்காகச் சுத்தம் செய்கிறோம் என்பதைத் தீர்க்க வேண்டியிருந்தது. "சுற்றாடலைப் பேணி" என்று போட்டால் ஆளுக்கு ஒரு வேலை செய்வார்கள். முந்தின தடவை நடந்தது அதுதான். இரண்டு பேர் கத்தியும் கையுமாக வந்து, மணல் மேட்டில் படர்ந்திருந்த அடம்பன் கொடியை வேரோடு இழுத்துக் குவித்துவிட்டார்கள். இடம் "துப்புரவாக" இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கொடிதான் மணலைப் பிடித்து வைத்திருப்பது. வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து வருகிற மாதங்களில் அது இல்லாத இடத்து மணல் வீதிக்கு வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அறிவித்தலில் சிரமதானம் என்று மட்டும்தான் இருந்தது. சிரமதானம் என்றால் எங்கள் ஊரில் புல் செருக்குவதும் பற்றை வெட்டுவதும்தானே வழக்கம்.

செயலாளரையும் இன்னும் இரண்டு பேரையும் இருத்தி வைத்துக் கேட்டதில் உண்மையான நோக்கம் வெளியே வந்தது. கோட்டை வாசலடியில் மான்கள் சுற்றித் திரிவது திருகோணமலையில் எல்லோருக்கும் தெரியும். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் படமெடுக்கிறார்கள், பழத்தோல் கொடுக்கிறார்கள். அதே ஆட்கள் கடற்கரையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போட்ட சோற்றுப் பார்சல் தாளையும் பொலித்தீன் பையையும் மான்கள் மெல்லுகின்றன. தாளில் ஒட்டியிருக்கிற கறியும் உப்பும்தான் அவற்றை இழுப்பது. விழுங்கிய பொலித்தீன் செரிக்காது, வெளியேயும் வராது. வயிற்றிலேயே கிடந்து அடைத்துக்கொள்ளும், மான் தின்ன முடியாமல் மெலியும். லஞ்ச் ஷீட்டை 2017இலேயே தடை செய்தார்கள், ஆனாலும் கடற்கரையில் அது கிடக்கத்தான் செய்கிறது. இன்னொரு பக்கம், எங்களுக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை. அதற்குமுன் எடுக்காவிட்டால் எல்லாம் கடலுக்குள் போய்விடும்.

ஆக நோக்கம் ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது: மான்கள் தின்னுமுன், மழை கடலுக்குள் அடித்துக்கொண்டு போகுமுன், மணலில் கிடக்கும் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்குவது. "பொறுக்குவது" என்ற வேலை தெளிவானதுமே உபகரணப் பட்டியலில் பாதி தானாக விழுந்துவிட்டது. அதனால்தான் நோக்கத்தை முதலில் எடுத்தேன். அறிவித்தலில் அது இரண்டாவது வரியில் வந்தாலும், எழுதுகிறவர் முதலில் தீர்க்க வேண்டியது அதைத்தான்.

உபகரணத்துக்கு வருவோம். மணலில் மண்வெட்டி போட்டால் குப்பை வெளியே வராது, உள்ளே புதையும். விளக்குமாறும் தும்புத்தடியும் ஈர மணலில் ஒன்றுக்கும் உதவாது. பொறுக்குகிற வேலைக்குக் கைதான் கருவி, கைக்கு உறை வேண்டும். அதுவும் மருந்தகத்தில் விற்கிற மெல்லிய கையுறை போதாது. மணலுக்குள் தூண்டில் கொளுக்கியும் உடைந்த போத்தல் ஓடும் இருக்கும், ஒரு குத்தில் கிழிந்துவிடும். உள்ளங்கையில் றப்பர் பூசிய, ஹாட்வெயார் கடையில் கிடைக்கிற துணிக் கையுறைதான் சரி. காலுக்கு மூடிய சப்பாத்து. பாட்டா செருப்போடு வருகிறவரின் விரலிடுக்கில்தான் கொளுக்கி ஏறும்.

அடுத்தது பை. கறுப்புக் குப்பைப் பையில் ஈர மணல் ஒட்டிய குப்பையைப் போட்டு இழுத்தால் அடி பிய்ந்துவிடும். உரப்பைதான் தாங்கும். 50 கிலோ உரப்பையோ அரிசிப் பையோ எதுவாகவும் இருக்கலாம். இரண்டு பேர் ஒரு சோடி, ஒருவர் பையின் வாயை விரித்துப் பிடிக்க மற்றவர் பொறுக்கிப் போடுவார். ஒரு சோடிக்கு இரண்டு பை, பிளாஸ்டிக் போத்தலுக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. 40 பேர் என்றால் 20 சோடி, 40 பை. முக்கால்வாசி நிரம்பியதும் கட்டிவிட வேண்டும். வாய்வரை நிரப்பினால் மணலின் பாரத்தில் இரண்டு பேராலும் வீதிவரை தூக்க முடியாது.

இங்கேதான் ஒரு நுணுக்கம். "உரப்பை, கையுறை, வாரி கொண்டு வரவும்" என்று ஒன்றாகப் போட்டால், எல்லாரும் வாரி இல்லையே என்று யோசிப்பார்கள், உரப்பையை மறந்துவிடுவார்கள். "இருப்பவர்கள் கொண்டு வரலாம்" என்று போட்டால் இன்னும் மோசம், இருப்பவரும் கொண்டு வரமாட்டார். அதனால் மூன்றாகப் பிரித்தேன். ஒவ்வொருவரும் கொண்டு வர வேண்டியது, கழகம் தருவது, கொண்டு வரவே வேண்டாதது. வாரியையும் வலைத்துண்டு அறுக்கும் கத்தியையும் பொது அழைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். வாரி நான்கு போதும். வாரி இருக்கிற நான்கு வீட்டுக்குச் செயலாளர் நேரே சொல்லிவிட்டார். கத்தி கழகத்துப் பையில் ஒன்று. பொது அழைப்பில் எல்லாரும் செய்யக்கூடியது மட்டும்தான் இருக்க வேண்டும்.

சந்திக்கும் இடம்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. "கோட்டையடிக் கடற்கரை" என்றால் ஊர்க்காரருக்கே இரண்டு இடம். பிரெட்ரிக் கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தரைமுனையில் இருக்கிறது. வாசலுக்கு வெளியே நின்றால் ஒரு பக்கம் டச்சு பே, மறுபக்கம் பேக் பே. இரண்டும் கோட்டையடிதான், இரண்டும் கடற்கரைதான். முந்தின தடவை இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஒருவரையொருவர் தேடினார்களாம். டச்சு பே என்று பெயர் சொன்னாலும் போதாது, அது நீண்ட வளைவு. எந்த முனையில் நிற்பது?

கடைப் பெயரை அடையாளமாகச் சொல்லலாமா என்று பார்த்தோம். காலை ஆறு மணிக்குக் கடை பூட்டியிருக்கும். "பெரிய மரத்தடி" என்றால் எந்த மரம்? வடக்கும் தெற்கும் சொன்னால் பாதிப் பேர் கடலைப் பார்த்துக் குழம்புவார்கள். கடைசியில் உடம்பை வைத்துச் சொல்வதே சரியாக வந்தது. கோட்டை வாசலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கக் கடற்கரை. இதில் மாறாட வழியில்லை. கோட்டை வாசலை எல்லோருக்கும் தெரியும், அது நகராது, இரவிலும் தெரியும். சந்திப்பது வாசலுக்கு வெளியே, வேலை வலக்கைப் பக்கம். சந்திக்கும் இடமும் வேலை செய்யும் இடமும் வேறு என்றால் இரண்டையும் சொல்லிவிட வேண்டும். பிந்தி வருகிறவர் வாசலில் ஒருவரையும் காணாமல் திரும்பிப் போய்விடுவார்.

கூகுள் வரைபடக் குறியும் சேர்த்தோம். ஆனால் அதை அனுப்புமுன் திறந்து பார்க்க வேண்டும். கோட்டையின் பெயரைத் தேடி எடுத்த குறி என் போனில் கோட்டைக்குள் போய் நின்றது. வாசலுக்கு வெளியே விரலை அழுத்திப் புதுக் குறி போட்டு, அதைத்தான் அனுப்பினோம். குறி இருந்தாலும் வாக்கியத்தை எடுக்கவில்லை. டேட்டா முடிந்தவருக்கும், யாரோ வாசித்துக் காட்டக் கேட்கிறவருக்கும் அது வேண்டும்.

நாள் விஷயத்தில் ஒரு முட்டுக்கட்டை. செயலாளர் நினைத்த ஞாயிறு 2025 செப்டம்பர் 21. நாட்காட்டியைப் புரட்டினால் அன்றைக்கு மகாளய அமாவாசை. காலையில் பாதி வீட்டுக்காரர் விரதத்தோடு தர்ப்பணத்துக்குப் போவார்கள், கோணேசர் கோயிலுக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்த வாசலால்தான் போகும். சனத்துக்கு நடுவில் உரப்பையோடு நிற்க முடியாது. சனிக்கிழமை 20க்கு மாற்றினோம். செப்டம்பர் மூன்றாவது சனி உலகம் முழுக்கக் கடற்கரைத் துப்புரவு நாளாகவும் இருக்கிறது. ஞாயிறு காலைப் பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் சனி வசதி.

"எதிர்வரும்" என்ற சொல்லை முற்றாக எடுத்தேன். வட்ஸ்அப்பில் ஒரு அறிவித்தல் இன்று வந்து அடுத்த வாரமும் யாராவது அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு எதிர்வரும் என்றால் வேறு நாள். கிழமை, திகதி, மாதம், ஆண்டு நான்கும் இருந்தால் பழையதா புதியதா என்று பார்த்தவுடன் தெரியும்.

நேரத்தை மூன்றாகக் கொடுத்தேன். 6.15க்குக் கூடுவது, 6.30க்குத் தொடங்குவது, 8.30க்கு முடிப்பது. எங்கள் கடற்கரை கிழக்குப் பார்த்தது, வெயில் நேரே முகத்துக்கு வரும். எட்டரைக்குப் பிறகு குனிந்து பொறுக்கினால் தலை சுற்றும். முடிகிற நேரம் எழுதியதால் ஆட்கள் கூடினார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒன்பது மணிக்கு டியூஷன் உள்ள பிள்ளைகளின் அம்மாமார், கடை திறக்கிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது எப்போது தொடங்கும் என்பதையல்ல, எப்போது விடுவீர்கள் என்பதைத்தான்.

குப்பைக்குப் போக்கிடமும் அறிவித்தலில் வேண்டும். சபையோடு பேசி ட்ரெக்டர் 8.45க்கு வீதியோரம் வரும் என்று உறுதி செய்த பிறகுதான் அந்த வரியை எழுதினேன். உறுதியாகாததை எழுதக்கூடாது. கட்டிய பைகள் இரவுவரை கிடந்தால் நாயும் மாடும் கிழித்துப் பழையபடி பரப்பிவிடும், எந்த மானுக்காகப் பொறுக்கினோமோ அதே மான் வந்து வாய் வைக்கும். இந்த வரி இல்லாவிட்டால் யாராவது உதவி செய்கிறேன் என்று நெருப்பும் வைப்பார்கள்.

எல்லாம் சேர்ந்து வந்த வடிவம் இது:

*கடற்கரைச் சிரமதானம்: சனி, 20 செப்டம்பர் 2025, காலை 6.15, கோட்டை வாசல்*

மான்கள் தின்னுமுன், மழை கடலுக்குள் கொண்டு போகுமுன், டச்சு பே மணலில் கிடக்கும் பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கப் போகிறோம். புல், அடம்பன் கொடி எதையும் வெட்ட வேண்டாம்.

சந்திப்பது: பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு வெளியே. பிந்தி வந்தால் வாசலைப் பார்த்து நின்று வலக்கைப் பக்கக் கடற்கரைக்கு இறங்குங்கள்.

நேரம்: 6.15 கூடுவோம், 6.30 தொடங்குவோம், 8.30 முடிப்போம்.

நீங்கள் கொண்டு வருவது: உரப்பை 1, தொப்பி, தண்ணீர்ப் போத்தல். மூடிய சப்பாத்துப் போட்டு வாருங்கள்.
கழகம் தருவது: கையுறை, மேலதிக உரப்பை, தேநீர்.
வேண்டாதது: மண்வெட்டி, விளக்குமாறு.

ஒரு பையில் பிளாஸ்டிக் போத்தல் மட்டும், மற்றதில் மீதி. உடைந்த கண்ணாடியைத் தொடாமல் எங்களைக் கூப்பிடுங்கள், வாளி இருக்கிறது. பைகளைச் சபை ட்ரெக்டர் 8.45க்கு ஏற்றும். எதையும் எரிக்க வேண்டாம்.

10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவரோடு வரலாம். கடலில் இறங்கக்கூடாது.

மழை என்றால் காலை 5.30க்கு இந்தக் குழுவில் அறிவிப்போம். அறிவிப்பு இல்லையென்றால் சிரமதானம் உண்டு.

தொடர்புக்கு: செயலாளர், (இலக்கம்)

முதல் வரியைப் பற்றி ஒரு சொல். வட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் போன் திரையில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிதான். பழைய அறிவித்தலில் அந்த இடத்தில் "அன்புடையீர், எமது கழகத்தின் ஏற்பாட்டில்" என்பதுதான் தெரியும். திறக்காமலே போகிறவருக்கும் நாளும் நேரமும் இடமும் கண்ணில் படட்டும் என்றுதான் அவற்றை அந்த வரிக்குள் நெருக்கினேன். வரியின் இரண்டு பக்கமும் உள்ள உடுக்குறி, வட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாக மாறுவதற்கு.

செயலாளருக்கு இது பிடிக்கவில்லை. "என்ன பிள்ளை, வணக்கம்கூட இல்லை. தலைவர்ட பேர் எங்கே? அதிதிகள் எங்கே? ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றார். நியாயமான கவலைதான், ஊரில் அந்தப் பெயர்களுக்கும் ஒரு இடம் உண்டு. தலைவரின் பெயரும் அழைப்பு வாசகமும் கடைசியில் வரட்டும் என்று சமரசம் செய்தோம். வர முடிவெடுத்தவர் அதுவரை வாசிப்பார், முடிவெடுக்காதவருக்கு அது முதலில் தேவையில்லை. அதிதிகளுக்குத் தனியாகப் பழைய முறையில் கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அனுப்புமுன் ஒரு சோதனை. வட்ஸ்அப் பாவிக்காத என் பெரியப்பாவுக்குப் போனில் ஒரே தடவை வாசித்துக் காட்டிவிட்டு, "எங்கே வருவீங்கள், எப்ப, என்ன கொண்டு வருவீங்கள், என்ன செய்யப் போறம்?" என்று கேட்டேன். இடமும் நேரமும் சரியாகச் சொன்னார். பிறகு, "உரப்பை ஒன்றா, ஆளுக்கு ஒன்றா?" என்றார். வீட்டில் மூன்று பேர் வந்தால்? "உரப்பை 1" என்பதை "ஆளுக்கு ஒரு உரப்பை" என்று மாற்றினேன். விளங்கிச்சா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். திருப்பிச் சொல்ல வைத்தால்தான் ஓட்டை தெரியும்.

சிங்கள வடிவத்தை அயலில் உள்ள ஒரு ஆசிரியர் எழுதித் தந்தார். வரிகளின் ஒழுங்கும் இலக்கங்களும் இரண்டிலும் ஒன்றாக இருக்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 6.15 அங்கேயும் அதே வரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி நேர மாற்றம் ஒன்றில் ஏறி மற்றதில் ஏறாமல் போகும். பூப்போட்ட படமாகச் செய்து தரவும் ஒரு தம்பி முன்வந்தார். படத்தில் முதல் வரியை மட்டும் போடச் சொன்னோம். முழு அறிவித்தலையும் படத்துக்குள் அடைத்தால் எழுத்து கடுகாகிவிடும், நேரம் மாறினால் பழைய படம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். செயலாளருக்கு வந்த அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன. வந்த கேள்விகளில் ஒன்று எனக்குத் தோன்றாதது: மோட்டார் சைக்கிளை எங்கே விடுவது? வாசலடியில் விட்டால் கோயிலுக்குப் போகிற வாகனங்களுக்கு இடைஞ்சல். அதற்கு ஒரு வரி இப்போது சேர்ந்துவிட்டது. இரண்டு பேர் அப்படியும் மண்வெட்டியோடு வந்தார்கள், "வேண்டாதது" என்ற வரியை வாசிக்கவே இல்லையாம். பட்டியலைக் கண்டதும் மனம் கொண்டுவருவதாகவே எடுத்துக்கொள்கிறது போல. அடுத்த தடவை அதை "மண்வெட்டி, விளக்குமாறு கொண்டு வர வேண்டாம்" என்று முழு வாக்கியமாகவே போடப் போகிறேன்.

மழைக்கு முந்தி ஒழுங்கை வடிகால் துப்புரவு ஒன்றும் வருகிறது, நுளம்புக்காக. அதற்கு இதையே பிரதி எடுத்துத் திகதியை மட்டும் மாற்ற முடியாது. நோக்கம் தண்ணீர் தேங்காமல் ஓட விடுவது, ஆகவே மண்வெட்டி "ஆளுக்கு" வரிக்கு ஏறும், சப்பாத்து பூட்ஸாக மாறும், அள்ளிய சேறு காயும்வரை எந்தக் கரையில் குவிப்பது என்று புதிதாக ஒரு வரி வேண்டும். அதைச் செயலாளரே எழுதிக்கொண்டிருக்கிறார். முதல் வரியில் திகதி இருக்கிறது, பார்த்துவிட்டேன்.